வளைவுக்குள் அடங்கிய வேலை

சுபாங் ஜெயாவின் கல்லூரி வகுப்பறையில் வெப்ப இயக்கவியல் ஸ்லைடு திரையில் விழும்போது, பெட்ரோல் இயந்திரத்தின் அழுத்த-கன அளவு வளைவைக் கண்ணால் தொடர்வது தனிச் சுகம். வலக்கீழ் மூலையில் கிளம்பும் கோடு இடப்பக்கம் சோம்பலாக நகர்ந்து, காற்று நசுங்க நசுங்கச் சரசரவென ஏறுகிறது. தீப்பொறி பட்டதும் கன அளவு மாறாமல் அழுத்தம் மட்டும் நெட்டுக்குத்தாகப் பாய்கிறது. பிறகு பிஸ்டனைத் தள்ளியபடி வளைவு வழுக்கி இறங்க, வலப்பக்க நேர்க்கோட்டில் வெப்பம் வெளியேறுகிறது. நடுவே அடைபட்ட பரப்புதான் நமக்குக் கிடைத்த வேலை.

டீசல் வளைவின் உச்சியில் அந்தக் கூர்முனை இல்லை. ஒரு தட்டையான மேடு. எரியும் நேரத்திலேயே பிஸ்டனும் விலகுவதால் அழுத்தம் அப்படியே நிற்கிறது. திறன் கணக்கும் பொறுமைக்குப் பலன் தருவது. பெட்ரோலுக்கு அமுக்க விகிதம் 8 என்றால் `1 − 1/8^0.4`, அதாவது சுமார் 56 விழுக்காடு. டீசலுக்கு விகிதம் 18, மேட்டில் கன அளவு இரட்டிப்பு என்றால் சுமார் 63. ஒரே விகிதத்தில் பெட்ரோல்தான் முந்தும். ஆனால் அதை அவ்வளவு நெருக்கினால் தீப்பொறிக்கு முன்பே பற்றி, உலோகம் தட்டும் ஓசை கேட்கும். உண்மை இயந்திரத்தில் மூலைகள் மழுங்கும், பரப்பும் சுருங்கும். ஆனாலும் எந்த மூலை ஏன் மழுங்கியது என்று காட்டித்தருவது இந்தச் சுத்தமான வளைவுதான்.