அதே தரம், அதே சுவை

எங்கள் பேட்டை வடைக் கடையின் போர்டில் கடைசி வரியாக 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்று இருபது வருஷமாக எழுதியிருந்தது. சென்ற மாதம் அந்த வரியின் மேல் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். 'வேளச்சேரியில் எங்கள் இரண்டாவது கிளை. அதே தரம், அதே சுவை.'

பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தடவை சாப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது பாவம் என்று மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை பழைய கடை மெதுவடை ஒன்றையும் சுடச்சுட வாங்கி, வீட்டில் பேப்பர் நாப்கின் மேல் ஐந்து நிமிஷம் வைத்தேன். எட்டணா அகலத்துக்கு ஒரு எண்ணெய் வட்டம். மறுநாள் புதுக் கடை வடைக்கும் அதே மரியாதை. நாப்கின் முழுக்க நனைந்து மேஜைக்கும் இறங்கிவிட்டது. உள்ளே பிட்டுப் பார்த்தால் பழையதில் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். புதியதில் இட்லி மாதிரி அடைசல். மேல் தோல் மட்டும் பல்லோடு சண்டை போட்டது.

பழைய கடை முதலாளியிடம் சொன்னேன். மனுஷனுக்கு நிஜமாகவே வருத்தம்.

"எப்படி சார்? மாவு இங்கேதான் ஆட்டறோம். காலைல பத்து மணிக்கு வேன்ல போகுது. அதே உளுந்து, அதே எண்ணெய், இங்க இருந்த மாஸ்டரையே அங்க அனுப்பியிருக்கேன்!"

அவர் பொய் சொல்லவில்லை. பேனரில் எழுதிய வாக்குறுதியை வார்த்தை தவறாமல் காப்பாற்றுகிறார். அதுதான் பிரச்னை.

முதலில் மாவு. உளுந்தை ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டும்போது கிரைண்டர் அதற்குள் காற்றை அடைக்கிறது. ஒரு துளி மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்று பாட்டிகள் சோதித்தது இதைத்தான். அந்தக் காற்றுதான் எண்ணெயில் விரிந்து ஓட்டையாகிறது. பழைய கடையில் மணிக்கொரு ஈடு ஆட்டி, உப்பைக் கடைசியில் போட்டு, அரை மணியில் தீர்த்துவிடுகிறார்கள். வேனில் போகும் மாவு காலையிலேயே உப்புப் போட்டுக் கலந்தது. உப்பு மாவை நீர்க்க வைக்கும். சாயங்காலத்துக்குள் காற்று பாதி போய், மாவு தளர்ந்து, கையில் வட்டம் நிற்காது. மாஸ்டர் என்ன செய்வார்? இரண்டு கை அரிசி மாவு போட்டு இறுக்குவார். வடை உருவம் வந்துவிடும். தோல் கல்லாகிவிடும்.

இதையாவது அங்கேயே ஒரு கிரைண்டர் வாங்கிப் போட்டுச் சரிசெய்துவிடலாம். எண்ணெய் விஷயம்தான் விசேஷம்.

ஒரு வடை பொரியும்போது சுமாராக ஏழு கிராம் எண்ணெயைக் குடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடையில் சாயங்காலம் நாலு மணியிலிருந்து எட்டு மணிக்குள் 800 வடை போகிறது. அதாவது ஆறு லிட்டர் எண்ணெய் வடையோடு சேர்ந்து வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போய்விடுகிறது. வாணலியின் கொள்ளளவு பத்து லிட்டர். குறையக் குறையப் புது எண்ணெய் ஊற்றியே ஆகவேண்டும். யாரும் தீர்மானிக்காமல், எந்த விதியும் இல்லாமல், எண்ணெய் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது.

புதுக் கடையிலும் அதே பத்து லிட்டர் வாணலி. ஆனால் 'காலை 11 முதல் இரவு 10 வரை'. ஜனம் இன்னும் பழகவில்லை. மொத்தம் 200 வடை. குறைவது ஒன்றரை லிட்டர். மீதி எட்டரை லிட்டரும் பதினோரு மணி நேரம் அடுப்பில் உட்கார்ந்து, வராத வாடிக்கையாளருக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது. சூட்டிலும் காற்றிலும் எண்ணெய் சிதைந்து கெட்டியாகிறது. கெட்டி எண்ணெய் வடையை விட்டு வழியாமல் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். என் மேஜைத் துணிக்கு வந்தது அதுதான். கேஸை மிச்சம் பிடிக்க நடுவில் தீயைக் குறைத்து, ஆள் வந்ததும் காயாத எண்ணெயில் போட்டால் இன்னும் மோசம். வடை அடியிலேயே கிடந்து ஊறும்.

சிதைந்த எண்ணெயில் சேரும் பொருள்களுக்கு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து 25 சதவிகிதம் என்று எல்லை வைத்திருக்கிறது. அளக்கக் கையடக்கக் கருவியும் உண்டு. நமக்குக் கண் போதும். நல்ல எண்ணெயில் வடையைச் சுற்றிப் பெரிய குமிழிகள் வந்து, வடையை எடுத்ததும் அடங்கிவிடும். கெட்ட எண்ணெயில் சோப்பு நுரை மாதிரி சின்னக் குமிழிகள் விளிம்பில் தங்கி நிற்கும். அதைப் பார்த்தால் பேசாமல் டீ மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆக, பழைய கடை வடைக்கு உளுந்து, மிளகு, கறிவேப்பிலையோடு இன்னொரு சேர்மானம் இருந்திருக்கிறது. வாசலில் நின்ற கூட்டம். முதலாளிக்கே தெரியாது. வேனில் ஏற்றி அனுப்பவும் முடியாது.

இப்படி ஏமாந்தவர் இவர் ஒருவர் மட்டுமல்ல. ரே கிராக் 1955-ல் இல்லினாயில் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது, கலிஃபோர்னியாவில் மெக்டொனால்ட் சகோதரர்கள் செய்த அதே முறையில்தான் உருளைக்கிழங்கு வறுவல் போட்டார். கொழகொழவென்று வந்தது. சகோதரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் காரணம் தெரியவில்லை. கடைசியில் கண்டுபிடித்தது இது: கலிஃபோர்னியாக் கடையில் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டிகளில் வெளியே போட்டு வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டு உலர்ந்து, கிழங்கு தானாகவே பதப்பட்டிருக்கிறது. யாருடைய குறிப்பிலும் காற்று இல்லை. கிராக் தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். அவர் செய்தது என்ன? 'அதே தரம்' என்று பேனர் கட்டவில்லை. கிழங்கு வைத்த நிலவறையில் ஒரு பெரிய மின்விசிறியை மாட்டினார்.

நம் முதலாளிக்கும் ஒரு மின்விசிறி தேவை. கூட்டம் சேரும்வரை மூன்று லிட்டர் வாணலி. அதில் 200 வடைக்கு ஒன்றரை லிட்டர் போனால் பாதி எண்ணெய் மாறிவிடும். பழைய கடைக் கணக்கு கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அங்கேயே ஒரு இரண்டு லிட்டர் கிரைண்டர். நாலு மணி முதல் எட்டு மணி வரை மட்டும் கடை. கண்ணாடி அலமாரியில் அடுக்காமல், கேட்டவுடன் போட்டுக் கொடுப்பது. ராத்திரி மிஞ்சின எண்ணெயை மறுநாள் வாணலியில் ஊற்றாமல் இருப்பது.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நாலு மணி நேரத்துல வாடகை கட்டுப்படியாகாது சார். அட்வான்ஸே எட்டு லட்சம்" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் போட்ட கணக்கில் வாடகை இருக்கிறது, என் கணக்கில் எண்ணெய்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருஷமாக அவரிடம் வடை வாங்கியவர்கள் வாடகையைச் சாப்பிடவில்லை. வேளச்சேரியில் முதல் தடவை வருகிறவனுக்குப் பழைய ருசி தெரியாது. 'இதற்கா இவ்வளவு பேர்?' என்று போய்விடுவான். தெரிந்தவன்தான் ஏமாறுகிறான்.

நேற்று பழைய கடைக்குப் போனேன். நல்ல மாஸ்டர் வேளச்சேரிக்குப் போய்விட்டதால் ஒரு பையன் நின்றிருந்தான். வடை கொஞ்சம் சிவந்திருந்தது. வரிசையும் கொஞ்சம் குட்டை. மழை பெய்து போர்டில் பச்சை பெயிண்ட் லேசாகக் கரைந்திருந்தது. உற்றுப் பார்த்தால் அடியில் படிக்க முடிகிறது: 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது.'