'ரன்' என்ற சொல்லும் குழு பிரித்துக் கற்பதும்

ஆங்கிலத்தின் 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 645 பொருள்களைத் தருகிறது. அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் இந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத ஒன்பது மாதம் எடுத்துக்கொண்டார். இத்தனை பொருள்களையும் மனப்பாடம் செய்யும்படி யாரிடமும் சொல்ல முடியாது. எனவே பொருள்களைச் சில குழுக்களாகப் பிரித்து, அவற்றுக்கு அடியில் 'ஓடு' என்ற ஒரே கருத்து இருப்பதாகச் சொல்லிக்கொடுக்கும் முறை ஆசிரியர்களிடம் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. இந்த முறை எதைச் சாதிக்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம்.

சோதித்துப் பார்க்க, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சக்குபள்ளம் போன்ற ஓர் ஊரை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் புழங்கும் எல்லைப்புறம் அது. அங்கே வளரும் மாணவிக்கு 'ரன்' புதிய சொல் அல்ல. கிரிக்கெட் அதை முன்பே கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதோடு தமிழின் 'ஓடு', மலையாளத்தின் 'ஓடுக' இரண்டும் கால்களை விட்டு வெகுதூரம் போன சொற்கள். பஸ் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, காதலர்கள் ஓடிப்போகிறார்கள். இந்த ஐந்து இடத்திலும் ஆங்கிலம் 'ரன்' என்றே சொல்லும்.

குழு பிரிக்கும் முறையின் பலம் இங்கேதான் தெரிகிறது. மாணவி தனக்குத் தெரிந்த வாக்கியங்களையே நான்கு குழுக்களாக அடுக்கலாம். கால்களால் விரைவது முதல் குழு. நீர், கண்ணீர், சாயம் போன்றவை வழிந்து பரவுவது இரண்டாவது. இயந்திரமும் பஸ்ஸும் இயங்குவது மூன்றாவது. படம், கூட்டம், ஒப்பந்தம் போன்றவை ஒரு காலம் வரை நீடிப்பது நான்காவது. ஏலக்காய் ஸ்டோரில் உலர்த்தும் இயந்திரம் இரவு முழுக்க 'ரன்' ஆகிறது என்ற வாக்கியத்தை முதன்முறையாகப் படிக்கும்போது அவள் அகராதியைத் தேடமாட்டாள். மூன்றாம் குழு தானாகக் கைகொடுக்கும். துவைத்த சட்டையில் சாயம் 'ரன்' ஆனது என்றால் இரண்டாம் குழு. படித்துப் புரிந்துகொள்வதற்கு இது நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவளே எழுத ஆரம்பிக்கும்போது சிக்கல் தொடங்குகிறது. தமிழில் 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வடிவம் இரண்டு வேலையையும் செய்கிறது. எனவே 'டிரைவர் பஸ்ஸை ஓட்டினார்' என்பதை அவள் 'தி டிரைவர் ரேன் தி பஸ்' என்று எழுதுவாள். மூன்றாம் குழு அதை அனுமதிப்பதாகத் தோன்றும். மலையாளத்தின் 'ஓடிக்குக'வும் அதே பக்கம் தள்ளும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் செய்வது 'டிரைவ்'. குமுளிக்கும் கட்டப்பனைக்கும் இடையே பஸ் விடுகிற நிறுவனம் செய்வதுதான் 'ரன்'. அதாவது, மனிதரை எழுவாயாகவும் ஒரு பொருளையோ அமைப்பையோ செயப்படுபொருளாகவும் வைத்து வரும் 'ரன்', பெரும்பாலும் பொறுப்பேற்று நடத்துவதைக் குறிக்கிறது. டீக்கடையை 'ரன்' பண்ணுவதும் பள்ளியை 'ரன்' பண்ணுவதும் அந்த வகை. தமிழில் அதற்கு 'நடத்து' என்போம். 'ஓடு' என்ற மையக் கருத்திலிருந்து இந்த வேறுபாட்டை ஊகிக்க வழியே இல்லை.

தேர்தல் இதைவிடத் தெளிவான சான்று. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' ஆகிறார். பிரிட்டனில் அவர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். தமிழிலும் அவர் நிற்கிறார். ஓடுவதும் நிற்பதும் நேரெதிர்; செயல் ஒன்றுதான். வேட்பாளர் பந்தயத்தில் ஓடுகிறார் என்று 'ரன்'னுக்கு விளக்கம் சொல்லலாம், அதில் தவறில்லை. ஆனால் விளக்கம் தெரிந்த பிறகு பொருத்தமாகப் படுகிற அந்தக் காரணம், அடுத்த மொழி எந்தச் சொல்லை எடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லாது. காய்ச்சல் ஆங்கிலத்தில் 'ரன்' ஆகும், தமிழில் அடிக்கும். சாலை ஆங்கிலத்தில் 'ரன்' ஆகும், தமிழில் போகும். எதிர்த் திசையிலும் இதே நிலைதான். 'மனசே ஓடல' என்பதை 'ரன்' வைத்து எழுதினால் ஆங்கிலேயருக்கு எதுவும் விளங்காது. மையக் கருத்து ஒரு வழக்கு ஏன் வந்தது என்று காட்டும். எந்த வழக்கு உண்டு, எது இல்லை என்று காட்டாது.

இரண்டாவது குறை, துணைச்சொல்லோடு சேர்ந்து வரும் 'ரன்'களில் இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்கு 'ரன் அவுட்' என்றால் ஸ்டம்பு விழுந்து ஆட்டக்காரர் வெளியேறுவது. 'வீ ரேன் அவுட் ஆஃப் டீசல்' என்பதில் யாரும் ஓடவும் இல்லை, வெளியேறவும் இல்லை, டீசல் தீர்ந்துபோயிற்று. இதை 'ரன்' குடும்பத்தில் எந்தக் குழுவில் வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண். இங்கே பொருளைத் தாங்குவது 'அவுட்' என்ற துணைச்சொல். 'சோல்ட் அவுட்' என்றால் விற்றுத் தீர்ந்தது, 'வோர்ன் அவுட்' என்றால் தேய்ந்து ஓய்ந்தது. 'ரன் அவுட்' அவற்றோடு சேர வேண்டியது. 'ரன்' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் திணிக்கும்போது இந்த உறவு மறைந்துவிடுகிறது.

மூன்றாவதாக, குழுக்கள் சொல்லுக்குள் தயாராக உட்கார்ந்திருப்பவை அல்ல. மொழியியலாளர் ஸ்டெஃபான் கிரீஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில், மொழித் தரவுத் தொகுப்புகளில் இருந்த நூற்றுக்கணக்கான 'ரன்' வாக்கியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 40க்கும் மேற்பட்ட பொருள்களைப் பிரித்தார். அகராதிக்கு 645, அவருக்கு நாற்பது சொச்சம். இருவரில் யாரும் தவறு செய்யவில்லை. அகராதி பல நூற்றாண்டு வழக்கை நுணுக்கமாகப் பிரித்தது, அவர் இக்கால வாக்கியங்களைப் பிரித்தார். ஆகவே 'சரியான குழு எத்தனை' என்று தேடுவதில் பயனில்லை. எந்தப் பொருள் அடிக்கடி வருகிறது என்பதே கற்பவர் கேட்கவேண்டிய கேள்வி. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து இதை உணர்ந்தவர். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியல், ஒரு சொல்லின் எந்தப் பொருள் எவ்வளவு விழுக்காடு பயன்படுகிறது என்பதையும் சேர்த்தே தந்தது. இன்றைய வகுப்பறைக் குழுக்களில் அந்த எடை பெரும்பாலும் இல்லை. அன்றாடம் வரும் 'நடத்து' என்ற பொருளும், எப்போதோ வரும் 'சாயம் கலைவது' என்ற பொருளும் ஒரே அளவு இடம் பெறுகின்றன.

ஆகவே என் முடிவு இதுதான். வாசிப்பதற்கு, பொருள் வழிக் குழுக்களை வைத்துக்கொள்ளுங்கள், நான்கைந்து போதும். எழுதுவதற்கு அவற்றை நம்பாதீர்கள். குறிப்பேட்டில் 'ரன் = ஓடு' என்று எழுதுவதற்குப் பதிலாக, முழு வாக்கியத்தை எழுதி மூன்று கேள்விகள் கேளுங்கள்: எழுவாய் மனிதரா, பொருளா? பின்னால் செயப்படுபொருள் உண்டா? துணைச்சொல் ஒட்டியிருக்கிறதா? 'டிரைவர்–பஸ்', 'நிறுவனம்–பஸ்' என்ற இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்த மாணவி அந்தப் பிழையைத் திரும்பச் செய்யமாட்டாள். ஆசிரியர்களும் தேர்வில் குழுப் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு தமிழ் வாக்கியத்தைக் கொடுத்து 'இங்கே ரன் வருமா, வராதா' என்று கேட்கட்டும். மாணவி 'வராது' என்று காரணத்தோடு சொல்லும்போதுதான் அந்தச் சொல் அவளுக்கு வசப்பட்டிருக்கிறது.