விசாரணைக்கு முந்தைய கடிதம்: இடம் மாற வேண்டியவர் யார்?

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்று ஒரு புகார் மனிதவளப் பிரிவுக்கு வந்துவிட்டால், விசாரணை தொடங்குமுன் ஒரு கடிதம் போகும். புகார் கொடுத்தவரும் புகாருக்கு உள்ளானவரும் விசாரணை முடியும்வரை ஒருவரையொருவர் எதிர்கொள்ளாதபடி ஏற்பாடு செய்யும் இடைக்காலக் கடிதம் அது. “இந்த நடவடிக்கை யாரையும் குற்றவாளி என்று கருதி எடுக்கப்படவில்லை” என்ற வரி அதில் தவறாமல் இருக்கும். ஆனால் வேலை செய்கிறவர்கள் அந்த வரியை வைத்துக் கடிதத்தை எடைபோடுவதில்லை. யார் இடம் மாறினார், யாருக்குச் சம்பளம் குறைந்தது என்றுதான் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

மலேசியச் சட்டம் இந்த இடத்தில் முதலாளிக்கு அதிகம் வழிகாட்டவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட பகுதி, பாலியல் தொல்லைப் புகாரை முதலாளி விசாரித்தாக வேண்டும் என்கிறது. விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆனால் விசாரணை நடக்கும்போது இருவரையும் எப்படிப் பிரித்து வைப்பது என்று அந்தப் பகுதி சொல்லவில்லை. அதே சட்டத்தின் 14ஆவது பிரிவில் ஒரு கருவி மட்டும் இருக்கிறது: விசாரணைக்காக ஒருவரை இரண்டு வாரத்துக்கு மேற்படாமல், பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, வேலையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். தவறு மெய்ப்படாவிட்டால் பிடித்த தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

இந்தக் கருவியின் பலம் வேகம். சாட்சிகள் மிரட்டப்படும் அபாயம் இருந்தால் அன்றைக்கே பயன்படுத்தலாம். குறை அதன் வடிவத்திலேயே இருக்கிறது. பாதிச் சம்பளம் பார்ப்பவர் கண்ணுக்குத் தண்டனையாகத்தான் தெரியும். பின்னால் திருப்பிக் கொடுத்தாலும், அந்த மாத வீட்டுக் கடன் தவணை காத்திருக்காது. பாதிச் சம்பளம் என்பது சட்டம் வைத்த கீழ்வரம்புதான். முழுச் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. யாரையும் குற்றவாளியாகக் கருதவில்லை என்று எழுதும் நிறுவனம் அதைத்தான் செய்ய வேண்டும்.

நிறுத்தி வைப்பது வேண்டாம் என்று கருதும் நிறுவனங்கள் இடமாற்றத்துக்குப் போகின்றன. பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. ரவாங்கில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையைக் கற்பனை செய்து பார்ப்போம். தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண் தன் சூப்பர்வைசர்மேல் புகார் கொடுக்கிறார். அவருடைய அடிப்படைச் சம்பளம் 1,800 ரிங்கிட். மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்பவர். நிர்வாகம் யோசிக்கிறது: சூப்பர்வைசரை நகர்த்தினால் உற்பத்தி பாதிக்கப்படும், இந்தப் பெண்ணை அலுவலக வேலைக்கு மாற்றிவிடலாம். கடிதத்தில் “சம்பளத்தில் மாற்றம் இல்லை” என்றும் எழுதுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1,800 ரிங்கிட்டை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 8.65 ரிங்கிட். ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு என்றால் 40 மணி நேரத்துக்குச் சுமார் 519 ரிங்கிட். அலுவலக வேலையில் ஓவர்டைம் கிடையாது. அடிப்படைச் சம்பளம் மாறவில்லை என்பது உண்மைதான், ஆனால் வீட்டுக்கு வரும் பணத்தில் ஐந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் போய்விட்டது. கிள்ளான் கிளைக்கு மாற்றினால் இன்னும் மோசம். ரவாங்கிலிருந்து கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயிலில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. புகார் கொடுத்ததற்கு அவர் கொடுத்த விலை இது. பக்கத்து மேசையில் இருப்பவரும் இதைப் பார்க்கிறார். நாளைக்கு அவருக்கு ஒரு தொல்லை நேர்ந்தால் வாய் திறக்க மாட்டார்.

அப்படியானால் சூப்பர்வைசரை மாற்றுவதா? அவசரப்பட வேண்டாம். ஆளை நகர்த்துமுன் அதிகாரத்தை நகர்த்திப் பார்க்கலாம். அந்தப் பெண்ணின் விடுப்பு, ஓவர்டைம், ஆண்டு மதிப்பீடு ஆகிய மூன்றையும் வேறொருவர் கையெழுத்துக்கு மாற்றிவிட்டால், பழிவாங்கும் வாய்ப்பின் பெரும்பகுதி அன்றே அடைபட்டுவிடும். 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்கீழ் வந்த விதிகள் இதைத் தனியாகவே சொல்கின்றன: புகாருக்கு உள்ளானவர் புகார் கொடுத்த பெண்ணின் வேலையை மதிப்பிடாமல், அந்தப் பொறுப்பை இன்னோர் அதிகாரியிடம் ஒப்படைக்கப் பரிந்துரைக்கலாம். அந்தப் பெண் எழுத்தில் கேட்டால் இருவரில் ஒருவரை இடம் மாற்றவோ, அவருக்கு மூன்று மாதம்வரை கூடுதல் விடுப்பு தரவோ அச்சட்டத்தில் இடமுண்டு. கேட்பது அவராக இருக்க வேண்டும் என்பது அதன் சிறப்பு. நம் நிறுவனங்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறையில் ஒருவரை மாற்றி வைக்க வேறு ஷிப்ட் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கையெழுத்தை மாற்ற வேறு ஷிப்ட் தேவையில்லை.

அதற்கு மேலும் ஒருவர் நகரத்தான் வேண்டும் என்றால், அதிகாரம் உள்ளவர் நகரட்டும். அவரை ஐயப்படுவதால் அல்ல, மாற்றத்தைத் தாங்கும் வலு அவருக்கு அதிகம் என்பதால். அந்தக் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதலாம். அவருடைய சம்பளம், படிகள், கடந்த மூன்று மாத ஓவர்டைம் சராசரி எல்லாம் தொடர்ந்து கிடைக்கும் என்றும் எழுத வேண்டும்.

அடுத்த சிக்கல், தொடர்புத் தடை. “பணியாளர் எவருடனும் இது பற்றிப் பேசக் கூடாது” என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் புகாருக்கு உள்ளானவர் தன் பக்கச் சாட்சியைத் தேடவே முடியாது, தொழிற்சங்கப் பிரதிநிதியிடமும் பேச முடியாது. விசாரணையே ஒருதலைப்பட்சம் என்று பின்னால் தொழில்துறை நீதிமன்றத்தில் வாதிட இது ஒன்றே போதும். தடை இருவருக்கிடையே மட்டும் இருக்க வேண்டும். நேரில், தொலைபேசியில், வாட்ஸ்ஆப் குழுவில், மூன்றாம் ஆள் வழியாக என எல்லாவற்றையும் அதில் சொல்ல வேண்டும். சாட்சியின் பெயரை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து அழைக்கலாம் என்ற வழியையும் திறந்து வைக்க வேண்டும். இருவருக்கும் ஒரே தடை, ஒரே சொற்களில், ஒரே நாளில் போக வேண்டும்.

கடைசியாக, முடிவு தேதி. “மறு அறிவிப்பு வரும்வரை” என்று எழுதிய கடிதம் மாதக்கணக்கில் நீளும். நாள் ஆக ஆக, இடம் மாறியவர் குற்றவாளி என்ற பேச்சு தொழிற்சாலையில் உறுதியாகிவிடும். கடிதத்தில் மறுஆய்வுத் தேதி ஒன்று வேண்டும். நீட்டித்தால் காரணத்தோடு புதுக் கடிதம் வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு 2016ஆம் ஆண்டுக் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு பதில் சொல்லும். அந்த வழக்கில் நிறுவனத்தின் விசாரணைக் குழு, ஒழுங்கு நடவடிக்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்திருந்தது. புகாருக்கு உள்ளான மேலாளர் புகார் கொடுத்த பெண்மேல் வழக்குப் போட்டார். அந்தப் பெண்ணும் எதிர்வழக்குத் தொடுத்தார். முடிவில் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்று 1,20,000 ரிங்கிட் இழப்பீட்டை உறுதிசெய்தன. முழு விசாரணை நடத்திய குழுவின் முடிவே பின்னால் நிற்காமல் போகலாம் என்றால், விசாரணை தொடங்காத நாளில் எழுதும் கடிதம் யார் பக்கமும் சாய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

இடைக்காலக் கடிதம் தேவையான ஒன்று. அது இல்லாத விசாரணையில் சாட்சிகள் பயப்படுவார்கள், புதுப் புகார்கள் முளைக்கும். ஆனால் இன்று பரவலாக எழுதப்படும் வடிவம் நடுநிலையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பிரித்து வைப்பதன் செலவை வலுவற்றவர் தலையில் கட்டுகிறது. மனிதவளப் பிரிவில் இருப்பவர்கள் கையெழுத்திடுமுன் இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும்: இந்த மாதம் இருவர் வீட்டுக்கும் போகும் பணம் போன மாதம் போனதுதானா? புகார் பொய்யென்றோ மெய்யென்றோ முடிந்தாலும் இந்தக் கடிதத்தை வெட்கமில்லாமல் காட்ட முடியுமா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும், அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள், திருத்தி எழுதுங்கள்.