நூற்றைம்பது உயிர்ப் புள்ளிகள்

வேலரன்ட் விளையாட்டில் வேண்டல், ஃபேண்டம் துப்பாக்கிகள் இரண்டுக்கும் ஒரே விலை, 2900. எதை வாங்குவது என்ற சண்டைக்கு முடிவே இல்லை. அந்தச் சமநிலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

எதிராளியின் உயிர் 100, முழுக் கவசம் 50. ஆக 150ஐக் கரைக்க வேண்டும். வேண்டலின் குண்டு உடலில் 40, தலையில் நான்கு மடங்காக 160. தூரம் கூடினாலும் குறையாது. எங்கிருந்து சுட்டாலும் தலைக்கு ஒரு குண்டு போதும். ஃபேண்டம் அருகில் உடலில் 39, தலையில் 156. தூரம் போனால் 35, 140. அந்தப் பத்துப் புள்ளியில் எதிராளி தப்பி, திருப்பிச் சுடுவான்.

உடலில் சுட்டால் அருகில் இரண்டுக்கும் நான்கு குண்டு. முதல் குண்டுக்குக் காத்திருப்பு இல்லை, எனவே மூன்று இடைவெளிகள்தான் கணக்கு. நொடிக்கு 11 குண்டு சுடும் ஃபேண்டம் 0.27 நொடியில் முடிக்கும், 9.75 சுடும் வேண்டலுக்கு 0.31. நடுத்தூரத்தில் ஃபேண்டமுக்கு ஐந்தாவது குண்டும் தேவை: 0.36 நொடி. வேகமான துப்பாக்கியே அங்கே மெதுவானது!

முன்பு இன்னொரு குறும்பும் இருந்தது: வெகுதூரத்தில் ஃபேண்டமின் தலைக்குண்டு 124 ஆக இருந்தது. இலேசான கவசக்காரனின் மொத்தம் 125.

குறி தலையில் நிற்பவர் வேண்டல் எடுக்கட்டும். மூலையில் பதுங்கிப் பொழிபவருக்கு ஃபேண்டம்தான்.