மூன்று செ.மீ. ஆரமுள்ள கோளம்

பத்தாம் வகுப்பு அளவியல் விடைத்தாளைத் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடைசி வரியில் 'ச.செ.மீ.' என்று தப்பாக இருப்பது கண்ணில் பட்டதுமே அவர் சிவப்புப் பேனாவை இறக்கிவிடமாட்டார். பார்வை மேலே ஏறும், சூத்திரம் எழுதிய வரிக்கு. அந்த அலகு எங்கிருந்து வந்தது என்று தேடுகிற அந்தச் சில நொடிகளில்தான் இந்தக் கலை இருக்கிறது.

ஒரு உருளை, ஆரம் 7 செ.மீ., உயரம் 10 செ.மீ. கன அளவு காண்க என்பது கேள்வி. ஒரு பையன் πr²h என்று எழுதி, பிரதியிட்டு, 1540 வரை சரியாக வந்து, பக்கத்தில் ச.செ.மீ. போட்டிருக்கிறான். இன்னொருத்தி 2πrh எழுதி, 440 என்று கண்டு, க.செ.மீ. என்று முடித்திருக்கிறாள். இரண்டிலும் எண்ணும் அலகும் ஒட்டவில்லை. ஆனால் பிழைகள் வேறு. பையனுக்குக் கன அளவைக் கணக்கிடத் தெரியும். அலகு அவனுக்குக் கடைசியில் ஒட்டும் சீட்டாக இருக்கிறது. அந்த ஒரு சொல்லைச் சுழித்து, அலகுக்கு உரியதை மட்டும் குறைத்தால் போதும். அவளோ கன அளவுக்குக் கன அலகு என்பதை நினைவில் வைத்திருக்கிறாள், கணக்கிட்டதோ வளைபரப்பை. அங்கே சுழிக்க வேண்டியது சூத்திரத்தை. அவள் எழுதிய அலகு கேள்விக்குச் சரி என்பதால், கடைசி வரியை மட்டும் பார்க்கிறவர் தவறு எங்கே தொடங்கியது என்பதைக் கோட்டைவிட்டுவிடுவார்.

திருத்துபவர் கையில் இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு: சூத்திரத்தில் எத்தனை நீளங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன என்று எண்ணுவது. πr²h என்பதில் r இருமுறை, h ஒருமுறை. மூன்று நீளங்கள், ஆகவே கன அலகு. 2πrh என்பதில் இரண்டுதான். மொத்தப் புறப்பரப்பான 2πr(h+r) கொஞ்சம் ஏமாற்றும். எழுத்துகள் மூன்று இருந்தாலும் அடைப்புக்குறிக்குள் இருப்பது கூட்டல். h+r சேர்ந்து ஒரே நீளம். சில மாணவர்கள் அதை 2πrh+r என்று விரித்து நிற்பார்கள். பரப்போடு நீளத்தைக் கூட்டிய அந்த வரி, எண்ணைப் பார்க்காமலே தப்பு என்று தெரிந்துவிடும்.

நான் மிகவும் ரசிப்பது 3 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை. புறப்பரப்பு 4πr², அதாவது 36π. கன அளவு 4/3 πr³, அதுவும் 36π. எண்கள் ஒன்றேதான், ஏறத்தாழ 113.14. 2 செ.மீ. ஆரமுள்ள உருளையும் அப்படித்தான்: உயரம் எதுவானாலும் வளைபரப்பும் கன அளவும் ஒரே எண்ணைத் தரும். 6 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்கு இரண்டும் 216. இத்தகைய கணக்கில் விடை எண் திருத்துபவருக்கு எதையும் சொல்லாது. சூத்திர வரியை எழுதாத மாணவரிடம் அலகு ஒன்றுதான் சாட்சி. முழுத்தேர்வுக்கு இந்த அளவுகளைத் தவிர்ப்பதே நியாயம். வகுப்புத் தேர்விலோ வேண்டுமென்றே கொடுக்கலாம்; யார் புரிந்து எழுதினார், யார் எண்ணோடு நின்றுவிட்டார் என்பது அங்கே பளிச்சென்று தெரியும்.

அலகுக் குழப்பம் எண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும் இடமும் உண்டு. 2 மீ. நீளம், 1.5 மீ. அகலம், 1 மீ. ஆழமுள்ள தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? கன அளவு 3 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 10,00,000 க.செ.மீ.; ஒரு லிட்டருக்கு 1000 க.செ.மீ.; ஆகவே 3000 லிட்டர். ஒரு தாளில் 30 லிட்டர் என்று இருக்கும். பெருக்கலில் பிழை தேடினால் கிடைக்காது. அந்த மாணவர் 10,000 ஆல் பெருக்கியிருக்கிறார். அது சதுர மீட்டரைச் சதுர சென்டிமீட்டராக்கும் எண். விடை சரியாக நூறில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால், சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும். அலகின் பெயரைச் சரியாக எழுதியும் அதன் அளவைத் தவறவிட்ட தாள் இது. வகுப்புத் தேர்வாக இருந்தால், ஓரத்தில் ஒரு கனசதுரத்தை வரைந்து மூன்று பக்கங்களிலும் 100 செ.மீ. என்று குறித்துவிடுவது, நீண்ட விளக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

நீளங்களை எண்ணும் உத்திக்கு எட்டாத பிழைகளும் இருக்கின்றன. கூம்பின் கன அளவில் 1/3 ஐ விட்டுவிட்டால் அலகு கன அலகாகவே நிற்கும், விடை மும்மடங்காகிவிடும். வளைபரப்பில் சாயுயரம் l வர வேண்டிய இடத்தில் உயரம் h வந்தாலும் பெருக்கப்படும் நீளங்கள் இரண்டுதான், சதுர அலகும் பொருந்திவிடும். அலகு சரியாக இருக்கும் தாளிலும் அதனால்தான் தேர்ந்த கண் சூத்திர வரிக்குப் போகிறது.