எது வேண்டாம் என்று சொல்லும் வரி

ஒரு பக்க அறிக்கையில் நான் முதலில் தேடுவது, எது தேவையில்லை என்று சொல்லும் வரியை. பெரும்பாலான அறிக்கைகளில் அது இருப்பதில்லை. 'உலர் உணவு வேண்டாம், சங்கக் கடையில் மூன்று நாளைக்குக் காணும்' என்று பொழிப்பின் கடைசியில் ஒருவர் எழுதியிருந்தால், அவர் தந்த மற்ற எண்களையும் நம்பி வாசிப்பேன். வேண்டும் என்று எழுதுவதற்கு எங்கும் போகத் தேவையில்லை, கதிரையில் இருந்தபடியே எழுதலாம். வேண்டாம் என்று எழுதுகிறவர் கடைக்குப் போய் மூட்டையை எண்ணியிருக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையிலும் நாகப்பட்டினத்துக் கரையிலும் பழைய உடுப்பு மலையாகக் குவிந்து மழையில் ஊறிக் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். வேண்டாம் என்ற வரி உரிய மேசைக்கு உரிய நேரத்தில் போயிருந்தால் அந்த லொறிகளில் பாதி தண்ணீர் ஏற்றி வந்திருக்கலாம்.

இந்த வரியை வழக்கமாக எழுதியவர் என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். கரைதுறைப்பற்றில் விதானையாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாளின் மேற்பகுதியில் ஆறு வரி அளவுக்கு வெறுமையாக விட்டுவிட்டு, கீழே அட்டவணையையும் விபரத்தையும் முதலில் எழுதுவார். எல்லாம் முடிந்த பிறகே மேலே வந்து பொழிப்பை எழுதுவார். அந்த ஆறு வரிக்குள் அடங்காவிட்டால் எழுத்தைச் சின்னதாக்க மாட்டார், விசயத்தைக் குறைப்பார். பொழிப்பை முதலில் எழுதத் தொடங்குகிறவர் அறிமுகம்தான் எழுதுவார். கணக்கு முடியாமல் முடிவு வராது.

எங்கள் கொக்கிளாயை வைத்தே பார்க்கலாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. களப்புக்கு அந்தப் பக்கம் புல்மோட்டை, இந்தப் பக்கம் நாங்கள். முல்லைத்தீவுக்குப் போகிற வீதி நாயாற்றைக் கடந்தாக வேண்டும். அப்படியொரு இரவு விடிந்து, பின்னேரம் கொக்கிளாயிலிருந்து பிரதேச செயலகத்துக்கு ஒரு பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

வழமையான அறிக்கை இப்படித் தொடங்கும்: 'கொக்கிளாய்க் கிராமம் முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில் அமைந்துள்ளது. மக்களின் பிரதான வாழ்வாதாரம் கடற்றொழிலாகும். அண்மைய சீரற்ற காலநிலையினால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர்.' வாசிப்பவர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார், கிராமம் எங்கே என்று அவருக்குத் தெரியும். 'பெரிதும்' என்பதைக் கொண்டு அவரால் ஒரு பவுசரைக்கூட அனுப்ப முடியாது.

விதானையார் கையில் அது இப்படி வரும்: 'நாளை நண்பகலுக்கு முன் 4,000 லீற்றர் குடிநீர் பவுசர் ஒன்று தேவை. இன்று பி.ப. 4.00 மணிக்கு 42 குடும்பங்கள், 130 பேர் பாடசாலையில் தங்கியுள்ளனர். பாடசாலைக் கிணற்றில் உவர் நீர் கலந்துவிட்டதால் குடிக்க முடியாது. தாங்கியில் உள்ள 2,000 லீற்றர் நாளை பின்னேரம் வரைதான் காணும். நாயாற்று வீதியில் பவுசர் வரலாம். உலர் உணவும் உடுப்பும் தேவையில்லை.'

இதில் கணக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். நிவாரண வேலையில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது உலகம் ஏற்ற அளவு. 130 பேருக்கு 1,950 லீற்றர், அதாவது ஏறத்தாழ 2,000. எனவே இருப்பது ஒரு நாளைக்கு, கேட்பது இரண்டு நாளைக்கு. இந்தப் பெருக்கலைப் பொழிப்பில் காட்டத் தேவையில்லை, கீழே ஒரு வரியில் இருந்தால் போதும். சந்தேகம் வந்தவர் அங்கே இறங்கிப் பார்ப்பார், வராதவர் மேலேயே கையெழுத்து வைப்பார். வீதி திறந்திருக்கிறது என்ற வரியும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் தொலைபேசி அடித்து முதலில் கேட்பது அதைத்தான். அறிக்கை போன பிறகு என்ன கேள்வி வருகிறது என்று விதானையார் குறித்து வைப்பார். ஒரே கேள்வி இரண்டு தரம் வந்தால் அதன் பதில் அடுத்த அறிக்கையில் மேலே ஏறிவிடும்.

நேரம் எழுதுவதிலும் அவர் கண்டிப்பானவர். கிராம அலுவலர் தந்த எண் பிரதேச செயலகத்தில் கூட்டப்பட்டு, மாவட்டத்துக்குப் போய், பிறகு கொழும்பில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அட்டவணையில் 'குடும்பங்கள், ஆட்கள்' என்ற நிரல்களில் ஏறுகிறது. நேரம் இல்லாத எண் அந்தப் பயணத்தில் கெட்டுவிடும். காலை எண்ணோடு மாலை எண்ணைக் கூட்டி, அதே குடும்பத்தை இரண்டு தரம் எண்ணிவிடுவார்கள். குடும்ப எண் மட்டும் ஏறி ஆட்கள் எண் மாறாமல் நின்றால், எங்கோ இரண்டு நேரத்து எண்கள் கலந்துவிட்டன என்று கண்டுகொள்ளலாம்.

பொழிப்பையே புள்ளி புள்ளியாகப் போடுவதுதான் வாசிக்கச் சுலபம் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஐ.நா. மனிதாபிமான அலுவலகத்தின் நிலைமை அறிக்கைகளும் முக்கிய விடயங்களை அப்படித்தான் மேலே வைக்கின்றன. பல மாவட்டங்களின் நிலையைப் பலர் வாசிக்கும் இடத்தில் அது சரி. ஒரு கிராமத்துக்கு ஒரு முடிவு கேட்கும் தாளில் எனக்கு அது ஒத்துவரவில்லை. '130 பேர்' ஒரு புள்ளியாகவும் 'கிணறு உவர்' இன்னொரு புள்ளியாகவும் நின்றால், இரண்டையும் சேர்க்கும் வேலை வாசிப்பவர் தலையில் விழுகிறது. எண்களை அட்டவணையிலும் காரணத்தை வசனத்திலும் வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த ஒழுங்கு புதிதல்ல. 1940 ஓகஸ்ட் 9ஆம் திகதி, குண்டுவீச்சை எதிர்பார்த்திருந்த லண்டனிலிருந்து சேர்ச்சில் தன் அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். முக்கிய விடயங்களைச் சின்னப் பந்திகளில் சொல்லுங்கள், புள்ளிவிபரத்தைப் பின்னிணைப்பில் போடுங்கள் என்பது அதன் சாரம். அந்தக் குறிப்பும் ஒரு பக்கம்தான். பின்னிணைப்பு என்பதை நம்மவர்கள் மறந்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணிக்க எழுத்தை எட்டாம் அளவுக்குக் குறைத்து, ஓர வெளியை விரல் அகலமாக்கி, மேலே நான்கு நிறுவனச் சின்னங்களை வரிசையாக வைக்கிறார்கள். வைபரில் முப்பது படம் அனுப்பிவிட்டு அறிக்கை தந்தாயிற்று என்கிறவர்களும் இருக்கிறார்கள். படத்தில் வெள்ளம் தெரியும், எத்தனை பேர் என்பது தெரியாது.

பின்னிணைப்பு இல்லாமல் முடியாத விடயங்கள் கொக்கிளாயிலேயே உண்டு. 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பிய குடும்பங்களின் கரைவலைப் பாட்டுரிமையை ஒரு பக்கத்தில் சொல்லி முடிக்க முடியாது. அங்கே பக்கத்தின் வேலை வேறு: எந்தப் பாடு, யார் உரிமை கோருகிறார், எந்த அதிகாரி எந்த முடிவை எப்போதைக்குள் எடுக்க வேண்டும் என்பது மட்டும். பழைய அனுமதிப் பத்திரங்கள் பின்னால் இலக்கமிட்டு இணைந்திருக்க வேண்டும். வரலாற்றைச் சுருக்கிப் பொழிப்பில் வைத்தால், எதிர்த்தரப்பு அந்தச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டு விவாதிக்கும், முடிவு தள்ளிப்போகும்.

அடுத்த மாரிக்கு முன் கிராம அலுவலர்களுக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் ஒன்று கேட்கிறேன். உங்கள் அறிக்கைப் படிவத்தில் 'தேவைகள்' என்ற கட்டத்துக்குக் கீழே 'தேவையில்லாதவை' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதை நிரப்பாமல் அறிக்கையை அனுப்பாதீர்கள்.