லேபிள் ஒண்ணுதான், சீரம் ஒண்ணா?

ஸ்கின்சூட்டிக்கல்ஸ் கம்பெனியின் ‘சி இ ஃபெருலிக்’ முகச் சீரம் அமெரிக்காவில் 30 மில்லி 150 டாலருக்கு மேல். உள்ளே முக்கியமான சரக்கு மூணுதான்: வைட்டமின் சி 15%, வைட்டமின் இ 1%, ஃபெருலிக் அமிலம் 0.5%. இதைப் பார்த்துச் செய்த மலிவு சீரம்கள் நிறைய. “லேபிளைப் பாருங்க, வரிசைகூட அப்படியே இருக்கு” என்பதுதான் அவற்றுக்கான வாதம்.

அந்த வரிசை எதுவரைக்கும் பேசும்? நம் நாட்டு அழகுசாதன விதிகள், 2020 படி 1 சதவீதத்துக்கு மேல் இருப்பதை மட்டும்தான் இறங்குவரிசையில் எழுதணும். மற்றதை இஷ்டம்போல் எழுதலாம். ஃபெருலிக் அரை சதவீதம்தானே? அதில் பத்தில் ஒரு பங்கு போட்டுவிட்டு, அசலில் இருக்கும் அதே இடத்தில் பெயரை எழுதினாலும் லேபிள் பொய்யாகாது. ஆக, நகலைச் சோதிக்க வேண்டிய இடத்தில்தான் வரிசை ஊமையாகிறது.

இன்னொன்று, அமிலத்தன்மை. இந்த வகை வைட்டமின் சி தோலுக்குள் இறங்க pH 3.5-க்குக் கீழே இருக்கணும் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னல் குழு 2001-ல் காட்டியது. அதைக் கூட்டிக் குறைப்பது டிரைஎத்தனாலமைன். அதைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினாலும் லேபிளில் ஒரு எழுத்து மாறாது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம்: pH தாளில் ஒரு சொட்டு. நிறத்தையும் கவனிங்க, வெளிர் மஞ்சள் பழுப்பாகிவிட்டால் வைட்டமின் சி ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெட்டுக்கொண்டிருக்கிறது. ஆத்தூர் மே மாச வெயிலில் கூரியர் வண்டியில் கிடந்து வந்தால் அசலுக்கும் இதே கதிதான். ஃபெருலிக் அளவு மட்டும் ஆய்வகத்தில்தான் தெரியும்.